பணம் வந்த புக்கிங் ‘ஃபெயில்’னு மாறுது: வெப்ஹுக் முன்பின்னாக வந்தால் எதை நம்புவது?

வடுவூர்_கோடர்

வணக்கம். மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் அறுப்பு மெஷின் வாடகைக்கு விடுறவங்களுக்கு ஒரு புக்கிங் ஆப் நடத்துறோம். விவசாயி யுபிஐயில் முன்பணம் 1,000 ரூபாய் கட்டினா, வண்டி ஓட்டுறவர் போனுக்கு எந்த ஊர், எத்தனை மா, பெல்ட் வண்டியா டயர் வண்டியான்னு தகவல் போகும். பணம் வந்துச்சா இல்லையாங்கிறதை பேமெண்ட் கேட்வேயோட வெப்ஹுக் வச்சுதான் முடிவு பண்றோம்.

சம்பா அறுப்பு நேரத்துல ஒரு புக்கிங்ல நடந்தது இது. இடப்பக்கம் எங்க சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம். `created_at` எண்ணைப் படிக்க வசதியா நம்ம நேரத்துக்கு மாத்திப் போட்டிருக்கேன்.

```
10:43:32  payment.captured    pay_B  created_at=10:43:30
10:43:34  payment.authorized  pay_B  created_at=10:43:29
10:48:15  payment.failed      pay_A  created_at=10:48:11
```

வர்ற ஒவ்வொரு ஈவண்டுக்கும் புக்கிங்கோட ஸ்டேட்டஸை மாத்துற மாதிரிதான் கோடு இருக்கு. அதனால் கடைசி வரி வந்ததும் புக்கிங் ஃபெயில் ஆகி, வண்டி வேற ஊருக்குப் போயிடுச்சு. பணம் கட்டினவர் வயல்ல நிக்கிறார். இதை எப்படிச் சரியா செய்யணும்?

---

கீழத்தஞ்சை

ரொம்ப சிம்பிள் தம்பி. வந்து சேர்ந்த நேரத்தைப் பார்க்காதீங்க, `created_at` பாருங்க. புக்கிங் டேபிள்ல கடைசியா பார்த்த `created_at`ஐ வச்சுக்குங்க. அதைவிடப் பழசா எது வந்தாலும் தூக்கிப் போட்டுடுங்க. நாங்க கூரியர் ட்ராக்கிங்ல இப்படித்தான் பண்றோம், பிரச்சினையே இல்லை.

---

குடந்தை_அக்கா

கீழத்தஞ்சை சொன்னது இரண்டாவது வரிக்குச் சரி. மூன்றாவது வரியை நல்லா பாருங்க. `payment.failed` உண்மையிலேயே 10:48க்குத்தான் உருவாகியிருக்கு, captured-ஐ விட அதுதான் புதுசு. நேரப்படி அடுக்கினாலும் கடைசியில் ஃபெயில்தான் வந்து நிக்கும்.

ஏன்னா அந்த வரியில் வரிசையே பிசகலை. அது வேற பேமெண்ட். விவசாயி முதல்ல ஒரு தடவை கட்டிப் பார்த்திருக்கார் (`pay_A`), அது பெண்டிங்லயே நின்னிருக்கு. பொறுக்காம மறுபடி கட்டினது (`pay_B`) ஓகே ஆயிடுச்சு. முதல் முயற்சிக்கான காலக்கெடு முடிஞ்சதும் கேட்வே அதை ஃபெயில்னு அறிவிச்சிருக்கு. நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லியிருக்கு, அதில் தப்பே இல்லை. நீங்கதான் ஒரு பேமெண்டோட சேதியை புக்கிங் முழுசுக்கும் போட்டிருக்கீங்க.

பேமெண்டுக்குத் தனி டேபிள் வைங்க, ஒரு முயற்சிக்கு ஒரு வரி. புக்கிங்கோட நிலையை எந்த ஈவண்டும் நேரடியா எழுதக்கூடாது. இந்த புக்கிங்குக்கு captured ஆன பேமெண்ட் ஒண்ணாவது இருக்கான்னு பார்த்து, இருந்தா உறுதி. `pay_A` எத்தனை மணிக்கு ஃபெயில் ஆனாலும் `pay_B`யைத் தொடாது.

உண்மையிலேயே முன்பின்னா வந்தது இரண்டாவது வரிதான். அங்கேயும் `created_at`ஐ முழுசா நம்பாதீங்க. பல கேட்வேக்கள் இதை முழு விநாடியாத்தான் தருது. authorised-உம் captured-உம் ஒரே விநாடியில் நடந்தா இரண்டுக்கும் ஒரே எண் வரும், அப்போ எது முந்தினதுன்னு சொல்லவே முடியாது. ஆட்டோ கேப்சர் போட்டிருந்தா இது அடிக்கடி நடக்கும்.

உங்க கேட்வே சீக்வென்ஸ் நம்பர் தருதா?

---

வடுவூர்_கோடர்

அக்கா, நன்றி. `pay_A`, `pay_B` விஷயம் இப்பதான் கண்ணுல படுது. சீக்வென்ஸ் நம்பர் எதுவும் வரலை. ஹெடர்ல ஒரு ஈவண்ட் ஐடி வருது, பாடியில் `created_at` வருது, அவ்வளவுதான்.

---

குடந்தை_அக்கா

அப்போ நிலைகளுக்கு நீங்களே ஒரு படிவரிசை வைங்க. created, அதுக்கு மேல failed, அதுக்கு மேல authorised, அதுக்கு மேல captured. மேல ஏறலாம், கீழே இறங்கக் கூடாது. captured ஆன பிறகு authorised வந்தா, பார்த்தாச்சுன்னு 200 பதில் கொடுத்துட்டு விட்டுடுங்க. 400, 409 எதுவும் கொடுக்காதீங்க. கொடுத்தா அது டெலிவரி ஆகலைன்னு நினைச்சு கேட்வே திரும்பத் திரும்ப அனுப்பும்.

failed-ஐ authorised-க்குக் கீழே வச்சதைக் கவனிங்க. நிறைய பேர் ஃபெயிலை முடிவான நிலைன்னு எடுத்துக்கிறாங்க. யுபிஐயில் பாங்க் தாமதமா உறுதி பண்ணினா, ஃபெயில்னு சொன்ன அதே பேமெண்ட் பிறகு authorised ஆகிறது உண்டு. ஃபெயிலை உச்சியில வச்சா வந்த பணம் கணக்குல ஏறாது.

ரீஃபண்டை இந்தப் படிவரிசைக்குள் கொண்டு வராதீங்க. ஒரு பேமெண்டுக்குப் பகுதி பகுதியா பல ரீஃபண்ட் போகலாம். ஒவ்வொண்ணும் தனி வரியா இருக்கட்டும்.

இந்த முறைக்கும் எல்லை இருக்கு. நிலை ஒரே திசையில் போற இடத்துல மட்டும்தான் இது செல்லும். ‘வண்டி காலி’, ‘வண்டி வேலையில்’னு மாறி மாறி வர்ற விஷயத்துக்குப் படிவரிசை உதவாது. அங்கே சீக்வென்ஸ் இருக்கணும், இல்லைன்னா ஈவண்டை வெறும் தகவலா எடுத்துக்கிட்டு ஏபிஐயில் போய் இப்போதைய நிலையைக் கேக்கணும்.

---

அரவைமில்

இதே பிரச்சினைதான் எனக்கும். ஒரத்தநாடு பக்கம் மில் ஆபீஸ்லயே ஒரு கம்ப்யூட்டரை சர்வரா வச்சிருக்கோம். நெல் எடை போடுற சாஃப்ட்வேர்காரங்க வெப்ஹுக் அனுப்புறாங்க. மழைக்கு கரண்ட் போய் வந்ததுல இருந்து ஒண்ணுகூட ஏத்துக்க மாட்டேங்குது. எல்லாமே `timestamp outside tolerance`னு ரிஜெக்ட். வரிசை மாறி வர்றதாலதானே இது? டாலரன்ஸை 5 நிமிஷத்துல இருந்து 30 நிமிஷம் ஆக்கிடவா?

---

குடந்தை_அக்கா

உங்களோடது வேற விஷயம் சார், வரிசைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. டாலரன்ஸைத் தொடாதீங்க. இப்போதைய நேரத்துல இருந்து ஹெடர்ல வந்த டைம்ஸ்டாம்பைக் கழிச்சா என்ன வருதுன்னு லாக் பண்ணுங்க. அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிடும். 19800ஐ ஒட்டி வந்தா, ஐந்தரை மணி நேர வித்தியாசம், யாரோ நம்ம நேரத்தை யுடிசின்னு எழுதியிருக்காங்க. தலை சுத்துற அளவு பெரிய எண் வந்தா, ஒரு பக்கம் விநாடி, இன்னொரு பக்கம் மில்லிவிநாடி. ஒவ்வொரு ஈவண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண் வந்தா உங்க கடிகாரம் தப்பு.

---

அரவைமில்

412, 413, 412, 414. இப்படியே வருது மேடம்.

---

குடந்தை_அக்கா

உங்க கம்ப்யூட்டர் கடிகாரம் ஏழு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவா முன்னாடி ஓடுது. உண்மையான தாமதமா இருந்தா எண் இப்படி ஒட்டிக்கிட்டு நிக்காது, 2, 40, 900னு சிதறும். `chronyc tracking` ஓட்டிப் பாருங்க.

---

அரவைமில்

```
Leap status     : Not synchronised
```

இதுதான் வருது. புது ரவுட்டர் போட்டப்ப யுடிபி 123 போர்ட்டை அடைச்சுட்டாங்கன்னு நெட்வொர்க் பார்க்கிற தம்பி சொல்றார். திறக்கச் சொல்லியிருக்கேன்.

---

வடுவூர்_கோடர்

டாலரன்ஸ் பேச்சு வந்ததால எங்க இரண்டாவது சிக்கலையும் சொல்லிடுறேன். ஒரு நாள் எங்க டேட்டாபேஸ் மூணு மணி நேரம் படுத்துடுச்சு. அந்த நேரம் வந்த வெப்ஹுக்குக்கு எல்லாம் 500 போச்சு. சரியானதும் கேட்வே மறுபடி அனுப்பினதைப் பார்த்தோம். ஆனா எங்க கோடு எல்லாத்தையும் இப்படித் தள்ளிவிட்டுடுச்சு.

```
rejected: stale event, age=11240
```

ரீப்ளே அட்டாக் தடுக்கணும்னு 300 விநாடி விண்டோ வச்சிருக்கு. `age` கணக்கிடுறது `created_at`ல இருந்து.

---

கீழத்தஞ்சை

விண்டோவை ஒரு நாள் ஆக்குங்க, முடிஞ்சது. ரீட்ரை எல்லாம் அதுக்குள்ள வந்துடும்.

---

குடந்தை_அக்கா

ஒரு நாளா ஆக்கினா இன்னைக்குப் பிரச்சினை மறையும், கேட்வே அதைத் தாண்டியும் ரீட்ரை பண்ணினா மறுபடி இதே கதைதான். எத்தனை நிமிஷம்ங்கிறது இங்கே கேள்வியே இல்லை. எந்த நேரத்துல இருந்து அளக்கிறீங்கன்னு பார்க்கணும்.

ஒரு வெப்ஹுக்ல இரண்டு நேரம் உண்டு. சம்பவம் நடந்த நேரம் ஒண்ணு, இந்தத் தடவை அனுப்பின நேரம் இன்னொண்ணு. டாலரன்ஸ் விண்டோ இரண்டாவதுக்கு மட்டும்தான். ஸ்ட்ரைப் எப்படிச் செய்யுதுன்னு பாருங்க. `Stripe-Signature` ஹெடர்ல `t=`னு அனுப்பின நேரம் வரும். அந்த நேரத்தையும் பாடியையும் புள்ளி வச்சுச் சேர்த்து, அதுக்கு HMAC-SHA256 கையெழுத்து போடுறாங்க. லைப்ரரியில் டீஃபால்ட் 300 விநாடி. ஒவ்வொரு ரீட்ரைக்கும் புது `t`, புது கையெழுத்து. அதனால் மூணு மணி நேரம் கழிச்சு வர்ற ரீட்ரைகூட 300 விநாடிக்குள் சுலபமா நுழையும், உள்ளே இருக்கிற `created` மட்டும் பழசாவே இருக்கும். ஸ்லாக்கும் அனுப்பின நேரத்தைக் கையெழுத்துக்குள்ள சேர்த்து, 5 நிமிஷம் பார்க்கச் சொல்லுது.

நேரம் கையெழுத்துக்குள்ள இருக்கிறது ரொம்ப முக்கியம். ஹெடர்ல சும்மா ஒரு நேரம் வந்து, கையெழுத்து பாடிக்கு மட்டும் இருந்தா, பழைய ரிக்வெஸ்டைப் பிடிச்சு வச்சவன் நேரத்தை மட்டும் மாத்தி அனுப்பிடுவான்.

தம்பி, உங்க கேட்வே எதுக்குக் கையெழுத்து போடுது?

---

வடுவூர்_கோடர்

டாக்குமெண்ட்ல பார்த்தேன். பாடிக்கு மட்டும். அனுப்பின நேரம்னு தனியா எதுவும் இல்லை. ஈவண்ட் ஐடியும் ஹெடர்லதான்.

---

குடந்தை_அக்கா

அப்போ விண்டோவையே எடுத்துடுங்க. அளக்க நம்பகமான நேரம் இல்லாதபோது அது நல்ல ரீட்ரையைத்தான் கொல்லும். அந்த வேலையை டூப்ளிகேட் சோதனையும் படிவரிசையும் செய்யட்டும்.

ஈவண்ட் ஐடி ஹெடர்ல மட்டும் இருக்குன்னீங்களே, அதுவும் கையெழுத்துக்கு வெளியே இருக்கு. கேட்வே தானே இரண்டு தடவை அனுப்புறதைப் பிடிக்க அது போதும். கெட்ட எண்ணத்தோட திருப்பி அனுப்புறவன் ஐடியை மாத்திட்டா புது ஈவண்ட் மாதிரி தெரியும். அதனால் சாவியைப் பாடிக்குள்ள இருந்து எடுங்க. பேமெண்ட் ஐடியும் ஈவண்ட் பேரும் சேர்ந்தது உங்களுக்குப் போதும், ஏன்னா ஒரு பேமெண்ட் ஒரு தடவைதான் captured ஆகும்.

```sql
INSERT INTO webhook_seen (payment_id, event_name)
VALUES ($1, $2)
ON CONFLICT (payment_id, event_name) DO NOTHING;
```

வரி சேரலைன்னா பழசு, 200 கொடுத்துட்டுக் கிளம்புங்க. முதல்ல SELECT பண்ணிப் பார்த்துட்டு அப்புறம் INSERT பண்ணாதீங்க. ஒரே ஈவண்ட் இரண்டு பிரதியா ஒரே நொடியில் வந்தா இரண்டுமே ‘இல்லை’ன்னு பார்த்துட்டு உள்ளே போயிடும்.

இந்த INSERT-உம் பேமெண்ட் நிலையை மாத்துற UPDATE-உம் ஒரே ட்ரான்ஸாக்‌ஷன்ல இருக்கணும். பார்த்தாச்சுன்னு எழுதி கமிட் ஆன பிறகு, நிலையை மாத்துறதுக்கு முன்னாடி சர்வர் விழுந்தா, ரீட்ரை வரும்போது பழசுன்னு தள்ளிடுவீங்க. அந்தப் பணம் யார் கண்ணுலயும் படாது. ஓட்டுநருக்குப் போற எஸ்எம்எஸ்ஸை மட்டும் கமிட் ஆன பிறகு தனி க்யூவில் இருந்து அனுப்புங்க.

---

கீழத்தஞ்சை

அக்கா சொல்றது பேமெண்டுக்குச் சரி, ஒத்துக்கிறேன். ஆனா ஏபிஐயில் போய்க் கேக்கிறதுன்னு சொன்னீங்களே, அதையே எல்லாத்துக்கும் வச்சா வரிசை, டூப்ளிகேட் எதுவுமே கவலை இல்லையே? எந்த ஈவண்ட் வந்தாலும் கேட்வேகிட்ட இந்த பேமெண்ட் இப்போ என்ன நிலைன்னு கேட்டா போச்சு.

---

குடந்தை_அக்கா

நல்ல வழிதான், நானும் பல இடத்துல செய்யச் சொல்வேன். இரண்டு இடத்துல கடிக்கும். அறுப்பு உச்சத்துல ஈவண்ட் குவியும்போது ஏபிஐ ரேட் லிமிட் இடிக்கும், 429 வரும். இன்னொண்ணு, இரண்டு ஒர்க்கர் ஒரே பேமெண்டைக் கேட்டு, முதல்ல கேட்டவர் பதிலைத் தாமதமா எழுதினா பழைய நிலை புதுசு மேல ஏறிடும். அதனால் கேட்டு வாங்கினாலும் எழுதுற இடத்துல படிவரிசைக் காவல் வேணும். அந்த பேமெண்ட் வரியை லாக் பண்ணிட்டுக் கேக்கலாம், ஆனா நெட்வொர்க் கால் முடியுற வரை டேட்டாபேஸ் லாக்கைப் பிடிச்சுக்கிட்டு இருக்கணும். எனக்கு அது பிடிக்காது.

---

மோட்டார்_ரூம்

நான் திருவையாறு பக்கம். நான் வெப்ஹுக் அனுப்புற ஆள், வாங்குற ஆள் இரண்டுமே. போர்வெல் மோட்டாருக்கு சிம் போட்ட பாக்ஸ் மாட்டுறோம். மும்முனை கரண்ட் வந்துச்சா, மோட்டார் ஓடுதா, நின்னுச்சான்னு பாக்ஸ் சர்வருக்குச் சொல்லும். ஆன், ஆஃப்னு மாறி மாறி வர்றதால அக்கா சொன்ன படிவரிசை எனக்கு ஆகாது. அதனால் பாக்ஸ்லயே சீக்வென்ஸ் நம்பர் போட்டோம். கடைசியா பார்த்த எண்ணைவிடப் பெருசா இருந்தா மட்டும் எடுத்துக்கிறோம்.

நல்லா ஓடிட்டு இருந்துச்சு. திடீர்னு சில மோட்டார்ல இருந்து எந்த மாற்றமும் பதிவாகலை. லாக்ல பார்த்தா ஈவண்ட் வருது, எல்லாமே பழசுன்னு தள்ளப்படுது. கரண்ட் போய் பாக்ஸ் ரீஸ்டார்ட் ஆனதும் எண் 1ல இருந்து ஆரம்பிச்சிருக்கு. சர்வர்ல 8,000க்கு மேல இருக்கு.

---

குடந்தை_அக்கா

எண்ணை ஒவ்வொரு தடவையும் ஃப்ளாஷ்ல எழுதினா ஃப்ளாஷ் தேயும். அதனால் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் ஒண்ணு கூடுற பூட் எண்ணை ஃப்ளாஷ்ல வைங்க. சீக்வென்ஸ் ரேம்லயே இருக்கட்டும். இரண்டையும் சேர்த்து ஒப்பிடுங்க.

```sql
UPDATE motor
   SET state = $4, boot_no = $2, last_seq = $3
 WHERE id = $1
   AND (boot_no, last_seq) < ($2, $3);
```

போஸ்ட்கிரெஸ் அந்த ஜோடியை இடமிருந்து வலமா ஒப்பிடும். பூட் எண் கூடினா சீக்வென்ஸ் 1 ஆனாலும் புதுசுன்னு எடுத்துக்கும். ரீஸ்டார்ட்டுக்கு முன்னாடி நெட்வொர்க்ல மாட்டிக்கிட்ட பழைய செய்தி தாமதமா வந்தா, அதோட பூட் எண் சின்னதா இருக்கிறதால தானா விழுந்துடும்.

---

மோட்டார்_ரூம்

இது அருமை, இன்னைக்கே ஃபர்ம்வேர்ல போடுறேன். இன்னொரு கேள்வி. 41 வந்துச்சு, அடுத்து 43 வந்துச்சு. 42க்காகக் காத்திருக்கணுமா? இப்போ 10 விநாடி நிறுத்தி வைக்கிறோம். மழை நாள்ல சிக்னல் இல்லாம 42 அரை மணி கழிச்சு வருது.

---

குடந்தை_அக்கா

43ல என்ன இருக்குங்கிறதைப் பொறுத்தது. ‘மோட்டார் இப்போ ஓடுது’ங்கிற மாதிரி முழு நிலையைச் சொன்னா, காத்திருக்கத் தேவையே இல்லை. 43ஐ எடுத்துக்குங்க, 42 பிறகு வந்தா விட்டுடுங்க. ‘இன்னும் 12 நிமிஷம் ஓடுச்சு’ன்னு கூட்டிக்கச் சொல்ற செய்தியா இருந்தா 42ஐ விட்டா கணக்கு உதைக்கும், அதுவும் வேணும். ஆனா வரிசை வேண்டாம், கூட்டல் எந்த வரிசையில் செஞ்சாலும் ஒண்ணுதான். அங்கே ‘கடைசி எண்ணைவிடப் பெருசா’ங்கிற சோதனை தப்பாயிடும். வந்த எண்களைத் தனித்தனியா பதிஞ்சு, ஏற்கெனவே இருக்கான்னு மட்டும் பாருங்க.

நானா இருந்தா செய்தியையே மாத்துவேன். கூட்டு நிமிஷம் அனுப்பாம, பாக்ஸ் மாட்டின நாள்ல இருந்து மொத்தம் எத்தனை நிமிஷம்னு அனுப்புவேன். அப்போ 42 வராமலே போனாலும் 43 கணக்கைச் சரி பண்ணிடும்.

---

கீழத்தஞ்சை

மொத்தத்தை எங்கே வைப்பீங்க? ரேம்ல வச்சா ரீஸ்டார்ட்ல போச்சு. ஃப்ளாஷ்ல அடிக்கடி எழுதினா நீங்களே சொன்ன தேய்மானம். பாக்ஸையே மாத்தினா மொத்தம் பூஜ்யத்துல ஆரம்பிக்கும்.

---

குடந்தை_அக்கா

நியாயமான கேள்வி. பூட் எண்ணோட சேர்த்து, இந்த பூட்டுக்குள்ள மொத்தம் எவ்வளவுன்னு அனுப்பினா ஃப்ளாஷைத் தொட வேண்டாம். சர்வர் ஒவ்வொரு பூட்டுக்கும் கடைசியா வந்த மொத்தத்தைக் கூட்டிக்கும். கரண்ட் போற நொடிக்கும் அதுக்கு முந்தின செய்திக்கும் நடுவுல ஓடின நிமிஷம் தொலையும். தண்ணீருக்குக் காசு வாங்குற கணக்கா இருந்தா அது ஏத்துக்கக் கூடியதான்னு அவர்தான் சொல்லணும்.

---

மோட்டார்_ரூம்

பக்கத்து வயலுக்குத் தண்ணி விடுறவங்க மணிக் கணக்குல காசு வாங்குறாங்க அக்கா, அதனால தொலையக் கூடாது. கரண்ட் போனதும் சில விநாடி தாங்குற பெரிய கெப்பாசிட்டர் போட்டு, அந்த நேரத்துல ஃப்ளாஷ்ல எழுத முடியுமான்னு பார்க்கிறேன். யாராவது செஞ்சிருந்தா சொல்லுங்க.

---

அரவைமில்

போர்ட் திறந்தாச்சு. `Leap status : Normal`னு காட்டுது, வித்தியாசம் 1, 2னு வருது. ரிஜெக்ட் நின்னுடுச்சு. கடிகாரம் சரியாகிறதுக்கு முன்னாடி தள்ளிவிட்ட எடைச் சீட்டுகளை சாஃப்ட்வேர்காரங்களை மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கேன். அது இரண்டு தடவை பதியாதே?

---

வடுவூர்_கோடர்

சார், நீங்க தள்ளிவிட்டது சிக்னேச்சர் சோதனையில்தான், பதிவு நடந்திருக்காது. ஆனா கடிகாரம் விலகுறதுக்கு முன்னாடி ஏத்துக்கிட்ட சீட்டையும் சேர்த்து அனுப்பினா இரண்டாகப் பதியும். உங்க டேபிள்ல சீட்டு எண்ணுக்கு யூனிக் கீ இருக்கான்னு முதல்ல பாருங்க, இல்லைன்னா அனுப்பச் சொன்னதை நிறுத்தி வைங்க.

எங்க பக்கம் பேமெண்ட் டேபிளைப் பிரிச்சாச்சு, `created_at` விண்டோவை எடுத்தாச்சு. மேலே போட்ட அதே மூணு ஈவண்டையும் எல்லா வரிசையிலும் மாத்தி மாத்தி, ஒவ்வொண்ணையும் இரண்டிரண்டு தடவையா டெஸ்ட்ல அனுப்பிப் பார்த்தேன். எப்படி அனுப்பினாலும் `pay_B` captured, `pay_A` failed, புக்கிங் உறுதின்னுதான் நிக்குது. அந்த மூணு மணி நேரத்துல தள்ளிப்போன பேமெண்ட்களை ஏபிஐயில் கேட்டு ஒப்பிடுற ஸ்கிரிப்ட் எழுதிட்டு இருக்கேன்.